மானியம் முடிந்த மறுமாதம் பணம் எங்கிருந்து வரும்? திட்ட முன்மொழிவின் நிலைத்தன்மைப் பகுதியை எழுதும் முறை

கொடையாளருக்கு அனுப்பும் திட்ட முன்மொழிவில் பெரும்பாலும் கடைசியாக எழுதப்படுவது நிலைத்தன்மைப் பகுதி. மானியம் முடிந்த பிறகு செயல்பாடுகள் எப்படித் தொடரும் என்று கேட்கும் அந்தப் பகுதிக்கு, "சமூகம் பொறுப்பேற்கும், அரசுத் துறைகளுடன் ஒருங்கிணைப்போம், வேறு கொடையாளர்களை அணுகுவோம்" என்ற மூன்று வாக்கியங்களையே பல அமைப்புகள் விடையாக எழுதுகின்றன. படிப்பவர் தேடுவது வேறு. எந்தச் செலவை, எந்த மாதத்திலிருந்து, யார், எந்தக் கணக்கிலிருந்து கொடுக்கப் போகிறார், அதற்கு இன்றைக்கு என்ன சான்று இருக்கிறது என்பதே அவர் கேள்வி. இந்தப் பகுதி முதன்மையாக ஒரு கணக்கு. கணக்கைப் போட்டு முடித்தபின் எழுத வேண்டிய வாக்கியங்கள் குறைவாகவே இருக்கும்.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது என்பதால் ஒரே திட்டத்தை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பான ஓர் ஊர், 600 வீடுகள். நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியில், அதாவது சி.எஸ்.ஆர். மானியத்தில், மணிக்கு 1,000 லிட்டர் தரும் ஆர்.ஓ. குடிநீர் நிலையத்தை ஓர் அறக்கட்டளை அமைக்க விரும்புகிறது. மானியக் காலம் 36 மாதங்கள். ஊரும் தொகைகளும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் விலைப்புள்ளிகளை வாங்கி அவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. நிலையத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. திறப்பு விழாக் கல்வெட்டு அப்படியே இருக்க, உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேனை மாற்றப் பணமில்லாமல் பூட்டிக் கிடக்கும் நிலையங்களைப் பல இடங்களில் பார்க்கலாம். தவறு எந்தக் கட்டத்தில் நேர்கிறது என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

முதல் படி: எது தொடர வேண்டும் என்று பிரித்தல்

வரவுசெலவுத் திட்டத்தின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, 37ஆவது மாதத்தில் இது தேவையா என்று கேளுங்கள். கட்டடம், இயந்திரம், ஆழ்துளைக் கிணறு, தொடக்க ஆய்வு, ஆப்பரேட்டர் பயிற்சி ஆகியவை ஒருமுறைச் செலவுகள்; அவை முடிந்துவிடும். திட்ட ஒருங்கிணைப்பாளரின் சம்பளமும் முடிய வேண்டியதே. அவர் இல்லாமல் நிலையம் ஓடாது என்றால், மானியக் காலத்திலேயே அவருடைய வேலையை ஊரார் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். பள்ளிகளில் நடத்தும் குடிநீர் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை மூன்றாம் ஆண்டோடு நிறுத்துவதாக வெளிப்படையாக எழுதலாம். எல்லாவற்றையும் தொடர்வோம் என்று வாக்களிக்கும் முன்மொழிவைவிட, எதை நிறுத்துகிறோம் என்று காரணத்தோடு சொல்லும் முன்மொழிவையே அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் நம்புவார்.

இவ்வாறு கழித்தபின் நம் ஊரில் எஞ்சுபவை நான்கு: நிலையத்தை அன்றாடம் ஓட்டுவது, தேயும் பாகங்களை மாற்றுவது, விலை கொடுக்க முடியாத சில வீடுகளுக்கு இலவச நீர், கணக்கையும் நீரின் தரத்தையும் வெளியிலிருந்து பார்க்கும் ஒரு கண். நான்குக்கும் பணம் வரும் வழி வேறுவேறு. நான்கையும் "பயனாளர் கட்டணம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவதே வழக்கமாக நேரும் முதல் பிழை.

இரண்டாம் படி: உண்மையான மாதச் செலவைக் கண்டுபிடித்தல்

நாளொன்றுக்கு 20 லிட்டர் கேன் 200 என்ற அளவில் நீர் வழங்கினால் நிலையம் ஏறத்தாழ 4 மணி நேரம் ஓடும். கிணற்று மோட்டாரையும் அழுத்தப் பம்புகளையும் சேர்த்து 4 கிலோவாட் என்று கொண்டால் மாதம் 480 யூனிட் ஆகும். மின் கட்டணம் இணைப்பின் வகையைப் பொறுத்து மிகவும் மாறும். இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டண வகையில் கிடைக்கும் என்பதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே தொகையை எழுதுங்கள். இங்கே மாதம் 4,200 ரூபாய் என்று கொள்வோம்.

| செலவு | மாதத்துக்கு ரூ. |
|---|---|
| மின்சாரம் | 4,200 |
| உப்புப் படிவதைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட், காட்ரிட்ஜ் வடிகட்டி | 1,800 |
| ஆப்பரேட்டர் ஊதியம் | 9,000 |
| சிறு பழுதுகள் | 1,400 |
| நீர்ப் பரிசோதனை | 600 |
| கணக்கு, தொலைபேசி, வங்கி | 600 |
| மெம்பரேன் மாற்ற ஒதுக்கீடு | 2,500 |
| மணல், கரி மாற்ற ஒதுக்கீடு | 1,000 |
| பம்பு மாற்ற ஒதுக்கீடு | 1,000 |

முதல் இரண்டு வரிகளும் நீரின் அளவைப் பொறுத்து மாறுபவை: 6,000 ரூபாயை மாதம் 6,000 கேனால் வகுத்தால் கேன் ஒன்றுக்கு 1 ரூபாய். அடுத்த நான்கும் நிலையச் செலவுகள். ஒரு கேன்கூட விற்காவிட்டாலும் 11,600 ரூபாய் கொடுத்தாக வேண்டும். கடைசி மூன்று வரிகளில்தான் நிலையத்தின் ஆயுள் இருக்கிறது. நான்கு மெம்பரேன்கள் 60,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் மாதம் 2,500. மணலும் கரியும் இரண்டு ஆண்டுக்கு 24,000. உயர் அழுத்தப் பம்பும் மோட்டாரும் ஐந்து ஆண்டுக்கு 60,000. மூன்றும் சேர்ந்து மாதம் 4,500 ரூபாய். இந்த 4,500ஐ எந்தக் கடைக்காரரும் மாதந்தோறும் வந்து கேட்பதில்லை. அதனால்தான் பெரும்பாலான முன்மொழிவுகளில் அது விடுபட்டுப் போகிறது.

மெம்பரேனின் ஆயுளை விற்பனையாளரின் விளம்பரத் தாளிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் கிணற்று நீரின் டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்பின் அளவு, கடினத்தன்மை, இரும்பு ஆகியவற்றைப் பரிசோதித்து, அந்த அறிக்கையைக் காட்டி விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கழிவுநீரை எங்கே விடுகிறீர்கள் என்பதும் இந்தக் கணக்கைப் பாதிக்கும். இவ்வகைச் சிறு நிலையங்களில் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ உப்பு மிகுந்த நீர் வெளியேறுவது வழக்கம். அதை அதே கிணற்றருகே தேங்கவிட்டால் கிணற்றின் உப்பு ஏறி, மெம்பரேன் முன்கூட்டியே அடைபட்டு, இரண்டு ஆண்டு ஒதுக்கீடு பதினெட்டு மாதத்திலேயே தேவைப்படும்.

மூன்றாம் படி: இரண்டு சமநிலைப் புள்ளிகள்

கேன் ஒன்று 5 ரூபாய்க்கு விற்றால், மாறும் செலவு 1 ரூபாய் போகக் கையில் நிற்பது 4 ரூபாய். நிலையச் செலவான 11,600ஐ 4ஆல் வகுத்தால் மாதம் 2,900 கேன், அதாவது நாளுக்கு 97. ஒதுக்கீட்டையும் சேர்த்து 16,100ஐ 4ஆல் வகுத்தால் மாதம் 4,025 கேன், நாளுக்கு 135.

97க்கும் 135க்கும் இடையில் உள்ள நிலையம் பார்ப்பதற்கு நன்றாகவே ஓடும். ஆப்பரேட்டருக்குச் சம்பளம் போகும், மின் கட்டணம் கட்டப்படும், மாத இறுதியில் கையில் கொஞ்சம் பணமும் இருக்கும். குழுவினர் லாபம் என்று மகிழ்வார்கள். உண்மையில் ஒவ்வொரு மாதமும் அடுத்த மெம்பரேனுக்கு உரிய பணம் குறைந்துகொண்டே வரும். இரண்டாம் ஆண்டின் இறுதியில் நீரின் சுவை மாறி, வாங்குவோர் குறைந்து, 60,000 ரூபாய் யாரிடமும் இல்லாத நிலையில் கதவு பூட்டப்படும். பூட்டிக் கிடக்கும் பல நிலையங்களின் கதை இதுதான். ஆகவே முன்மொழிவில் இரண்டு எண்களையும் எழுதி, இலக்கு இரண்டாவது எண்ணே என்று சொல்லுங்கள். படிப்பவர் உங்களைத் தொழில் தெரிந்தவராக எடுத்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

அடுத்து, பருவம். கோடையின் விற்பனையை ஆண்டு முழுவதற்கும் நீட்டக் கூடாது. எட்டு மாதங்களில் நாளுக்கு 160 கேனும், வடகிழக்குப் பருவமழையையும் அதையொட்டிய வாரங்களையும் சேர்த்த நான்கு மாதங்களில் 90 கேனும் போகும் என்று வைத்தால், ஆண்டுக்கு 49,200 கேன் ஆகிறது. வரவில் நிற்பது 1,96,800 ரூபாய். தேவை 1,93,200 ரூபாய். மிச்சம் 3,600 ரூபாய் மட்டுமே. கோடையில் 160 போகிறதே என்ற நம்பிக்கையில் எழுதிய திட்டம், ஆண்டுக் கணக்கில் மயிரிழையில்தான் தப்புகிறது. இதைக் கண்டபின் விலையை 6 ரூபாயாக வைக்கலாமா என்று தோன்றும். அப்போது தேவை நாளுக்கு 108 கேனாகக் குறையும். ஆனால் அந்த விலையில் எத்தனை வீடுகள் நின்றுவிடும் என்பதை மேசையிலிருந்து சொல்ல முடியாது.

அதற்குத் தேவை ஒரு சிறு கணக்கெடுப்பு. "நல்ல தண்ணீர் வந்தால் வாங்குவீர்களா" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். அந்த விடையால் பயனில்லை. நேற்றுக் குடித்த நீர் எங்கிருந்து வந்தது, தண்ணீர் வண்டியில் வாங்கினால் குடம் என்ன விலை, வாரத்துக்கு எத்தனை குடம், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கும் வீடுகளை மட்டுமே முதலாண்டு வாடிக்கையாளராக எண்ணுங்கள். ஊருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலோ ஜல் ஜீவன் இயக்கத்திலோ குழாய் நீர் வருகிறது என்றால் அது எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்ன தரத்தில் வருகிறது என்பதையும் எழுதுங்கள். மறைத்தால் மதிப்பீட்டாளர் கள ஆய்வில் கண்டுகொள்வார். அதன்பின் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

நான்காம் படி: கட்டணத்தால் தாங்க முடியாதவை

ஊரில் 40 வீடுகள் விலை கொடுக்க முடியாதவை என்று கொள்வோம். அவர்களுக்கு நாளுக்கு ஒரு கேன் கொடுத்தால் மாதம் 1,200 கேன், மாறும் செலவு 1,200 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனாலும் அது யாருடையது என்று எழுதப்பட வேண்டும். இதை ஊராட்சியிடம் கேட்கலாம். அல்லது தேநீர்க் கடைகளுக்கும் திருமண விசேஷங்களுக்கும் கேன் 10 ரூபாய் என்று வைத்து அந்தக் கூடுதல் 5 ரூபாயிலிருந்து எடுக்கலாம். இரண்டாவது வழியில் மாதம் 240 கேன் கடைகளுக்குப் போனால் போதும். இதை ஏன் தனியாகக் கணக்கிடச் சொல்கிறேன் என்றால், கணக்கில் இல்லாத இலவசத்தைக் கடைசியில் ஆப்பரேட்டரே வாசலில் நின்று மறுக்க நேர்கிறது. முதலில் விடுபடுவோர் தனியே வாழும் முதியவர்களாகவே இருப்பார்கள்.

வெளிக்கண்ணின் செலவு இன்னொன்று. மானியம் முடிந்தபின் அறக்கட்டளையின் பணியாளர் மாதம் ஒருமுறை சென்று ரொக்கப் பதிவேட்டையும் டி.டி.எஸ். அளவையும் பார்க்க 1,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால், ஆண்டுக்கு 12,000. இது அறக்கட்டளையின் பொதுநன்கொடையிலிருந்து வர வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை அறிக்கையில் அப்படிப்பட்ட நிபந்தனையற்ற நன்கொடை இருக்கிறதென்றால் அந்தத் தொகையைக் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் இந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவதாக எழுதுவதே நேர்மை.

ஐந்தாம் படி: மானியக் காலத்திலேயே மானியத்தைக் குறைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்பவர் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 36ஆவது மாதம் வரை முழு மானியம், 37ஆவது மாதம் முழுத் தற்சார்பு என்று எழுதப்பட்ட திட்டத்தை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. மாற்றம் மானியத்துக்குள் நடந்து முடிந்து, குறைந்தது ஓர் ஆண்டாவது நிலையம் தன் வரவில் ஓடியதைக் கொடையாளர் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் முதல் 6 மாதம் கட்டுமானமும் குழு அமைப்பும். 7ஆவது மாதம் விற்பனை தொடங்குகிறது. அன்று முதலே 5 ரூபாய். தொடக்கத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு காசு கேட்பது, குழுவுக்கும் ஊருக்கும் இடையே மனக்கசப்பை விதைப்பதாகும். 7 முதல் 12ஆவது மாதம் வரை நிலையச் செலவு 11,600ஐ மானியம் முழுவதும் தருகிறது. 13 முதல் 18 வரை பாதி, அதாவது 5,800. 19ஆவது மாதம் முதல் ஓட்டும் செலவுக்கு மானியம் இல்லை. மொத்தத்தில் இதற்கு மானியத்திலிருந்து போவது 1,04,400 ரூபாய்.

இந்த ஏற்பாட்டின் பலன் ஒதுக்கீட்டுக் கணக்கில் தெரியும். விற்பனையின் முதல் ஆறு மாதம் நாளுக்கு 80 கேன் போனாலே, மாறும் செலவு போக மாதம் 9,600 ரூபாய் நிற்கும். ஒதுக்கீட்டுக்கு 4,500 எடுத்தபின் 5,100 மிச்சம். அடுத்த ஆறு மாதம் 110 கேன் என்றால் நிற்பது 13,200. அதில் பாதி நிலையச் செலவு 5,800, ஒதுக்கீடு 4,500 போக மிச்சம் 2,900. இரண்டையும் கூட்டினால் 18ஆவது மாத இறுதியில் ஒதுக்கீட்டுக்கு அப்பால் 48,000 ரூபாய் தனியாக இருக்கும். அதன்பின் விற்பனை 110 கேனிலேயே தேங்கி நின்றால் மாதம் 2,900 ரூபாய் குறையும். அதை இந்த 48,000 ரூபாய் 16 மாதம் தாங்கும். "இடர் ஏற்பட்டால் சமாளிப்போம்" என்று எழுதுவதற்குப் பதில் இந்தக் கணக்கை எழுதலாம்.

இன்னொன்றும் இதில் அமைந்துவிடுகிறது. விற்பனை தொடங்கி 24 மாதம் ஆகும்போது மானியத்தின் 30ஆவது மாதம் முடிகிறது. அப்போது ஒதுக்கீட்டில் 1,08,000 ரூபாய் இருக்க வேண்டும். மெம்பரேனும் மணலும் கரியும் மாற்ற 84,000 போனால் 24,000 நிற்கும். அது பம்புக்காகச் சேர்ந்தது. முதல் மாற்று மெம்பரேனை மானியத்திலிருந்து வாங்காமல், மானியம் நடந்துகொண்டிருக்கும்போதே ஊரின் கணக்கிலிருந்து வாங்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவையுங்கள். அது நடந்தால் நிலைத்தன்மை மெய்ப்பிக்கப்பட்டது. நடக்காவிட்டால் திருத்த இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.

ஆறாம் படி: சொத்தும் வரவும் யாருடையவை

சி.எஸ்.ஆர். விதிகள் 2021 ஜனவரியில் திருத்தப்பட்டபின், இந்த நிதியில் உருவாகும் மூலதனச் சொத்தைக் கொடையளித்த நிறுவனமே வைத்துக்கொள்ள முடியாது. சி.எஸ்.ஆர். பதிவெண் உள்ள பதிவுபெற்ற அறக்கட்டளை, சங்கம் அல்லது 8ஆம் பிரிவு நிறுவனம், பயனாளிகளின் சுயஉதவிக் குழு அல்லது கூட்டமைப்பு, பொது அதிகார அமைப்பு ஆகியவற்றுள் ஒன்றன் பெயரில் அது இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது என்ற தேர்வே பணத்தின் வழியையும் முடிவு செய்கிறது. செயற்பாட்டிலிருந்து மிச்சம் வந்தால் அது நிறுவனத்தின் லாபத்தில் சேராமல் அதே திட்டத்துக்கோ, செலவிடப்படாத சி.எஸ்.ஆர். கணக்குக்கோ, கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலுள்ள நிதிக்கோ செல்ல வேண்டும் என்பதும் விதிகளில் உண்டு. ஆகையால் கட்டண வரவு ஒதுக்கீட்டுக் கணக்கில் சேரும் என்பதை மானிய ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையொப்பம் பெறுங்கள். இல்லையெனில் ஆண்டு இறுதியில், உங்களுக்குக் கட்டண வரவு இருக்கிறதே, அடுத்த தவணையில் அதைக் கழிக்கிறோம் என்று கொடையாளர் சொல்லும் வாய்ப்பு இருக்கிறது. கழித்தால் ஒதுக்கீடே உருவாகாது.

அறக்கட்டளையே கட்டணம் வசூலித்தால் வருமான வரியில் ஒரு சிக்கல் உண்டு. பொதுமக்கள் நலன் என்ற பொதுவான நோக்கத்தின் கீழ் வரும் அறக்கட்டளைக்கு, வணிகத் தன்மையுள்ள செயற்பாட்டின் வரவு அவ்வாண்டு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நம் நிலையத்தின் ஆண்டு வசூல் 49,200 கேனுக்கு 2,46,000 ரூபாய். மானியம் வந்துகொண்டிருக்கும் ஆண்டுகளில் மொத்த வரவு பெரிதாக இருப்பதால் இது தெரியாது. மானியம் நின்ற ஆண்டில் மொத்த வரவு 12,30,000 ரூபாய்க்குக் கீழே இறங்கினால், அதே வசூல் வரம்பை மீறிவிடும். நிலைத்தன்மைக்காகத் தொடங்கிய கட்டணமே அறக்கட்டளையின் வரிவிலக்கை அசைத்துவிடக் கூடாது என்பதால், வசூலை மகளிர் சுயஉதவிக் குழுவோ ஊராட்சி அளவிலான கூட்டமைப்போ தன் பெயரில் தனி வங்கிக் கணக்கில் நடத்துவது நல்லது. உங்கள் நோக்கம் எந்த வகையில் சேரும் என்பதைத் தணிக்கையாளரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் கொண்டுவரும் கேனில் நிரப்பித் தருவதோடு நில்லுங்கள். மூடி முத்திரையிட்டு விற்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் முதலியவை தேவைப்பட்டு மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும்.

ஏழாம் படி: சான்றுகள்

ஊராட்சி உதவும் என்று எழுதுபவர்கள் வழக்கமாக இணைப்பது ஊராட்சித் தலைவரின் கடிதம். அது நல்லெண்ணத்தைக் காட்டும், பணத்தைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5ஆம் நாள் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர்கள் தனிப்பட எழுதிக் கொடுத்த ஆதரவுக் கடிதங்கள் அன்றோடு வலுவிழந்தன. தேவைப்படுவது தீர்மானம். அதில் எண், நாள், தொகை, எந்தக் கணக்குத் தலைப்பு, எந்த மாதம் முதல் என்பவை இருக்க வேண்டும். கிராம சபையிலும் அது வைக்கப்பட்டு, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தால் இன்னும் உறுதி. கிராம சபை ஆண்டில் குறிப்பிட்ட நாட்களில்தான் வழக்கமாகக் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்மொழிவின் கடைசி நாளுக்கு முன் எந்தக் கூட்டம் வருகிறது என்று பார்த்துப் பின்னோக்கித் திட்டமிடுங்கள்.

நிதிக்குழு மானியத்தைக் காட்டுபவர்கள் அதன் காலத்தையும் காட்ட வேண்டும். 15ஆவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சி மானியத்தில் 30 விழுக்காட்டைக் குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் நீர் மறுசுழற்சிக்கும் என்று ஒதுக்கியது. அதன் காலம் 2021–22 முதல் 2025–26 வரை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அதே விழுக்காட்டைப் போட்டு எழுதுவது சான்றாகாது. என் கருத்தில் ஊராட்சியிடம் ரொக்கம் கேட்பதைவிட, நிலமும் கிணறும் தருவதையும் மின் இணைப்பைத் தன் பெயரில் எடுத்துக் கட்டணத்தை ஏற்பதையும் கேட்பது நடைமுறைக்கு ஒத்தது. மின் கட்டணம் ஊராட்சியின் வழக்கமான செலவினத்தில் சேர்ந்துவிட்டால், ஆண்டுதோறும் புதிதாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அடிப்படைக் கணக்கை அந்த உதவி இல்லாமலே போடுங்கள். கிடைத்தால் அது 40 வீடுகளின் இலவச நீருக்கும் விலையை உயர்த்தாமல் வைத்திருப்பதற்கும் போகட்டும்.

எட்டாம் படி: எழுதுவது

இவ்வளவும் முடிந்தபின் எழுதும் பகுதி ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டாது. நம் ஊருக்கு அதன் மையப் பத்தி இவ்வாறு அமையலாம்:

"நிலையத்தை ஓட்டவும் பாகங்களை மாற்றவும் மாதம் 16,100 ரூபாயும், கேன் ஒன்றுக்கு 1 ரூபாயும் தேவை. கேன் 5 ரூபாய் விலையில் நாளுக்கு 135 கேன் விற்றால் இது முழுவதும் ஈடாகும். ஓட்டும் செலவுக்கான மானியம் 18ஆவது மாதத்தோடு முடிகிறது; அதுவரை சேரும் 48,000 ரூபாய், விற்பனை 110 கேனில் நின்றாலும் 16 மாதப் பற்றாக்குறையைத் தாங்கும். மெம்பரேனின் முதல் மாற்றம் 30ஆவது மாதத்தில் குழுவின் ஒதுக்கீட்டுக் கணக்கிலிருந்து செய்யப்படும். இயந்திரம் மகளிர் கூட்டமைப்பின் பெயரிலும், நிலமும் கிணறும் ஊராட்சியின் பெயரிலும் இருக்கும், தீர்மானங்கள் இணைக்கப்பட்டுள்ளன. பள்ளி விழிப்புணர்வும் திட்ட ஒருங்கிணைப்பாளர் பணியும் 36ஆவது மாதத்தில் நிறுத்தப்படும்."

இதில் "முயல்வோம்", "ஊக்குவிப்போம்", "வலுப்படுத்துவோம்" என்ற வினைகள் ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுதியபின் உங்கள் பத்தியில் அவற்றைத் தேடி, ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு பெயரையோ தொகையையோ மாதத்தையோ வைக்க முடிகிறதா என்று பாருங்கள். வைக்க முடியாத வாக்கியத்தை நீக்கிவிடலாம்.

அதன்பின் எச்சரிக்கை அடையாளங்களுக்கு ஒரு பத்தி. மூன்று மாதம் தொடர்ந்து சராசரி விற்பனை 135க்குக் கீழே இருப்பது, ஒதுக்கீட்டுக் கணக்கின் இருப்பு அந்த மாதத்தில் இருக்க வேண்டிய தொகையைவிடக் குறைவது, வெளிவரும் நீரின் டி.டி.எஸ். மாதாமாதம் ஏறுவது ஆகிய மூன்றும் போதும். ஆனால் மழைக்காலத்தில் விற்பனை 90க்கு இறங்குவது எதிர்பார்த்ததே என்பதால், விற்பனையை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடும் ஒப்பிட வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். அடையாளம் தெரிந்தால் யார் கூடி எத்தனை நாளுக்குள் என்ன முடிவெடுப்பது, விலையை 6 ரூபாயாக்கும் அதிகாரம் யாருக்கு, அதை ஆண்டுதோறும் ஏப்ரலில் பரிசீலிப்பது எப்படி என்பவை குழுவின் விதிகளில் முன்பே இருக்க வேண்டும். விலையை உயர்த்த அஞ்சும் குழு, ஒதுக்கீட்டைச் செலவழித்துவிடும்.

கடைசியாக, நிலையம் தேவையற்றுப் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நல்ல நீர் நாள்தோறும் வீட்டுக்குழாயில் வரத் தொடங்கினால், 5 ரூபாய் கொடுக்க யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அப்போது இயந்திரத்தை அருகிலுள்ள உவர்நீர் ஊரின் கூட்டமைப்புக்கு மாற்றுவது, ஒதுக்கீட்டில் உள்ள பணத்தைக் கிராம சபையின் முடிவுப்படி ஊரின் நீர்நிலைப் பணிக்குச் செலவிடுவது, கடைசி மூன்று மாத ஆப்பரேட்டர் ஊதியமாக 27,000 ரூபாயை அதிலிருந்து முதலில் ஒதுக்குவது ஆகியவற்றை மூன்று வரிகளில் எழுதி, மானிய ஒப்பந்தத்தின் சொத்து ஒப்படைப்புப் பிரிவோடு அது பொருந்துகிறதா என்று சரிபார்த்தபின் முன்மொழிவை அனுப்புங்கள்.